‘அன்று பேருந்து வரவில்லை’: தேர்வுக் கதையில் காலம், உரையாடல், முடிவு

டீச்சர், வணக்கம். நான் படிவம் 5. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். எஸ்.பி.எம். தமிழுக்குப் பயிற்சியாகக் கதை எழுதினால் எனக்கு எப்போதும் மூன்றே குறிப்புதான் வருகிறது: ‘காலம் தடுமாறுகிறது’, ‘உரையாடல் இழுக்கிறது’, ‘முடிவு சப்பென்று இருக்கிறது’. போன வாரம் ‘அன்று பேருந்து வரவில்லை’ என்று தொடங்கும் கதை கொடுத்தார்கள், சுமார் 250 சொல். நான் எழுதியதை அனுப்பியிருக்கிறேன். எங்கே கோட்டை விடுகிறேன் என்று சொல்லுங்கள்.

*

உன் கதையை இரண்டு முறை படித்தேன். எடுத்துக்கொண்ட சம்பவம் அருமையானது. பேருந்து வராத காலையில், பால்வெட்டிலிருந்து ஓய்வு பெற்ற பாட்டி தன் பழைய நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டு, பேத்தியைப் பால்மரக் காட்டுக் குறுக்கு வழியில் பள்ளிக்கு அழைத்துப் போகிறார். என் அம்மாவும் பால் வெட்டியவர்தான். அந்த விளக்கைப் பற்றிப் படித்தபோது எனக்கு எங்கள் லயத்து வாசலே கண்முன் வந்தது. ஆகவே கதையை மாற்றச் சொல்ல மாட்டேன். சொல்லும் விதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அந்த மூன்று குறிப்பும் எனக்கு ஒரே குறையாகத்தான் படுகிறது. கதையை எந்த நேரத்தில் நின்றுகொண்டு சொல்கிறாய் என்பதை நீ முடிவு செய்யாமலே எழுத ஆரம்பித்திருக்கிறாய். அந்த இடம் நகர்ந்துகொண்டே இருப்பதால் வினைச்சொல் தடுமாறுகிறது, பேச்சு எங்கே நிற்பது என்று தெரியாமல் ஓடுகிறது, முடிவு கதைக்கு வெளியே போய் விழுகிறது. உன் முதல் பத்தியையே எடுத்துக்கொள்வோம்:

“அன்று பேருந்து வரவில்லை. காலை மணி ஆறு. கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பிக்கொண்டிருந்தான். நான் சாலையோரத்தில் நிற்கிறேன். பாட்டி வந்து, ‘ஏன் இன்னும் நிற்கிறாய்?’ என்று கேட்டார். நான் அழுகிறேன். பாட்டி முப்பது வருடம் பால் வெட்டினார். அவர் வீட்டுக்குள் போய் விளக்கை எடுத்து வருவார். நாங்கள் நடந்தோம்.”

முதலில் அந்தக் கதிரவனை எடுத்துவிடு. நம் ஊரில் ஆறு மணிக்கு வெளியே வந்து பார். கும்மிருட்டு. ஏழு மணி வாக்கில்தான் விடியும். 1982 பிறந்தபோது தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள், அதனால் நமக்கு விடியல் இன்னும் தாமதம். ஆறு மணிக் கதிரவன் மனப்பாடம் செய்த தொடக்கத்திலிருந்து வந்தவன். அவன் வந்ததால் உன் கதைக்கே ஆபத்து: வெயில் அடிக்கும்போது பாட்டி எதற்கு விளக்கை எடுக்கிறார்?

இனி வினைச்சொற்கள். தடுமாற்றம் உன் கவனக்குறைவால் மட்டும் வந்ததல்ல. கொடுக்கப்பட்ட வாக்கியத்திலேயே ஒரு வழுக்கல் இருக்கிறது. ‘வரவில்லை’ என்ற சொல்லுக்குள் காலம் இல்லை. ‘நேற்று வரவில்லை’ என்றும் சொல்கிறோம், ‘பேருந்து இன்னும் வரவில்லை’ என்று இப்போது நின்றுகொண்டும் சொல்கிறோம். நீ இரண்டாவது பொருளுக்குள் போய், அந்தச் சாலையோரத்திலேயே நின்று ‘நிற்கிறேன்’ என்று எழுதிவிட்டாய். ஆனால் அந்த வாக்கியத்தில் இன்னொரு சொல் இருக்கிறது, ‘அன்று’. அந்தச் சொல் எல்லாவற்றையும் தீர்த்துவிடுகிறது. அந்த நாள் முடிந்துவிட்டது, நீ பிறகு ஒரு நாள் உட்கார்ந்து நினைத்துப் பார்த்துச் சொல்கிறாய். எனவே உன் கதைக்குத் தரை இறந்தகாலம். ‘அன்று’, ‘ஒரு நாள்’, ‘அந்த மாலையில்’ என்று எது தொடக்கத்தில் வந்தாலும் இதே கணக்குதான். முழுக்க நிகழ்காலத்தில் எழுதிய நல்ல கதைகள் உண்டு. ஆனால் தேர்வு மண்டபத்தில் அதை முயல வேண்டாம் என்பேன், கடைசி வரை பிடித்து நிற்பது கடினம்.

தரை இறந்தகாலம் என்றால் எல்லா வினையும் ஒரே வடிவத்தில் இருக்க வேண்டும் என்று பொருளில்லை. கதையை ஓரடி முன்னே நகர்த்தும் செயல்களுக்கு வெறும் இறந்தகாலம் போதும்: போனார், எடுத்தார், நடந்தோம். ஒரு செயல் பின்னணியில் நீண்டுகொண்டே இருந்தால் அதற்கு ‘நின்றுகொண்டிருந்தேன்’. உன் ‘நிற்கிறேன்’ இப்படித்தான் மாற வேண்டும், ஏனென்றால் நீ நிற்கும்போதுதான் பாட்டி வருகிறார். கதை தொடங்குமுன்பே நடந்து முடிந்த செயலுக்கு ‘நடந்திருந்தது’ என்ற வடிவம். ‘பாட்டி முப்பது வருடம் பால் வெட்டினார்’ என்று நீ எழுதியதைப் படித்தால், நீ அழுததும் பாட்டி போய் முப்பது வருடம் பால் வெட்டிவிட்டு வந்தது போல ஆகிவிடுகிறது. ‘வெட்டியிருந்தார்’ என்றோ, இன்னும் இயல்பாக ‘முப்பது வருடம் பால் வெட்டியவர்’ என்றோ எழுதினால் அது பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும்.

‘விளக்கை எடுத்து வருவார்’ என்ற வாக்கியத்தை உன் ஆசிரியர் சிவப்பில் அடித்திருக்கிறார். அடித்தது சரிதான், ஆனால் காரணத்தைப் புரிந்துகொள். தமிழில் இந்த எதிர்கால வடிவத்துக்கு இன்னொரு வேலை உண்டு. பழைய நாளில் வழக்கமாக நடந்ததையும் அதே வடிவத்தில்தான் சொல்கிறோம்: ‘அம்மா மூன்று மணிக்கே எழுவார், சோறு வடித்து வைத்துவிட்டுப் பெரட்டுக்குப் போவார்.’ இது தினமும் நடந்தது. நீ எழுதியதோ அந்த ஒரு காலையில் ஒரே ஒரு முறை நடந்தது. அதனால் ‘எடுத்து வந்தார்’. வழக்கத்துக்கு ‘வருவார்’, ஒரு தடவைக்கு ‘வந்தார்’. சிவப்பு மைக்குப் பயந்து ‘வருவார்’ வடிவத்தையே கைவிட்டுவிடாதே, உன் கதையின் முடிவுக்கே அது தேவைப்படப் போகிறது.

‘அழுகிறேன்’ ஏன் வந்தது தெரியுமா? அதற்கு முந்தைய வரியைப் பார். பாட்டி, ‘ஏன் இன்னும் நிற்கிறாய்?’ என்று கேட்கிறார். மேற்கோளுக்குள் நிகழ்காலம் சரியானது, அவர் அந்த நேரத்தில் பேசுகிறார். ஆனால் மேற்கோளை மூடிய பிறகும் உன் கை அதே காலத்தைப் பிடித்துக்கொண்டே வந்துவிட்டது. நான் திருத்திய தாள்களில் காலப் பிழை அதிகம் தென்படும் இடம் இதுதான்: உரையாடல் முடிந்ததும் வரும் முதல் ஒன்றிரண்டு வாக்கியங்கள். இன்னோர் இடம் உணர்ச்சி பொங்கும் இடம், அங்கே எழுதுபவர் தன்னை மறந்து சம்பவத்துக்குள்ளேயே போய்விடுவார்.

எழுதி முடித்ததும் முழுக் கதையையும் திரும்பப் படிக்க நேரம் இருக்காது, தேவையும் இல்லை. தமிழில் வினைமுற்று பெரும்பாலும் வாக்கியக் கடைசியில் வருகிறது. விரலை வைத்து ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்கும் முன்னால் உள்ள சொல்லை மட்டும் பார்த்துக்கொண்டே போ. மூடிய மேற்கோள் வந்தால் அடுத்த வினையில் ஒரு கணம் அதிகம் நில். 250 சொல் கதைக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும்.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. ஆங்கில வகுப்பில், ஒருவர் சொன்னதை அயற்கூற்றாக எழுதினால் காலத்தை ஒரு படி பின்னால் தள்ளு என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். தமிழில் அது வேண்டாம். ‘பேருந்து வராது என்று பாட்டி சொன்னார்’ என்பதில் ‘வராது’ அப்படியே இருக்கட்டும். ‘என்று’ என்ற சொல் அவர் பேசிய காலத்தை அப்படியே பாதுகாத்துத் தரும்.

சரி, உரையாடலுக்கு வருவோம். உன் கதையில் பாட்டிக்கும் உனக்கும் நடக்கும் பேச்சு இது:

“ஏன் இன்னும் நிற்கிறாய்?” என்று பாட்டி கேட்டார்.
“பேருந்து வரவில்லை பாட்டி” என்று நான் கூறினேன்.
“அப்படியா?” என்று பாட்டி கேட்டார்.
“ஆமாம் பாட்டி. இப்பொழுது என்ன செய்வது?” என்று நான் கேட்டேன்.
“கவலைப்படாதே. நான் உன்னை அழைத்துச் செல்கிறேன்” என்று பாட்டி கூறினார்.
“மிக்க நன்றி பாட்டி” என்று நான் கூறினேன்.

ஒவ்வொரு வரியையும் கையால் மறைத்துப் பார். மறைத்தால் கதையில் ஏதாவது குறைகிறதா? முதல் நான்கு வரி சொல்வதெல்லாம், பேருந்து வரவில்லை என்பதுதான். அதைக் கதையின் முதல் வாக்கியமே சொல்லிவிட்டது. கடைசி வரி வெறும் மரியாதை. ஐந்தாவது வரி மட்டும்தான் கதையை நகர்த்துகிறது, ஆனால் அதையும் பாட்டி வாயால் சொல்லாமல் செய்து காட்டலாம். 250 சொல்லில் நாற்பது சொல் இப்படிப் போனால் முடிவுக்கு இடம் எங்கே இருக்கும்? நான் இப்படி எழுதிப் பார்த்தேன்:

“எத்தனை மணிக்குப் பரீட்சை?” என்றார் பாட்டி.
“எட்டுக்கு.”
பாட்டி ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குள் போனார். திரும்பி வந்தபோது அவர் நெற்றியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
“சப்பாத்தை இறுக்கிக் கட்டு. அட்டை ஏறும்.”

பேசும் வரி மூன்றுதான். ஆனால் நேர நெருக்கடி தெரிகிறது, பாட்டி எப்படிப்பட்டவர் என்பது தெரிகிறது, காட்டு வழியாகப் போகப் போகிறார்கள் என்று அட்டையே சொல்லிவிடுகிறது. ‘கவலைப்படாதே’ என்று அவர் சொல்லவே இல்லை, சொல்லாததால்தான் நமக்கு அவர் மேல் நம்பிக்கை வருகிறது. ‘என்றார்’ ஒரே ஒரு முறைதான் வருகிறது. இருவர் மட்டும் பேசும்போது, ஆளுக்கொரு புதிய வரி கொடுத்துவிட்டால் யார் பேசுகிறார் என்பதில் குழப்பம் வராது. ‘பாட்டி கூறினார்’ என்று தொடங்கி ‘என்று கூறினார்’ என்று முடிக்கும் இரட்டை வேலையும் போய்விடும். இன்னொன்று: உன் தாளில் பாட்டி ஓரிடத்தில் ‘கேட்டார்’, இரண்டு பத்தி தள்ளி ‘சிரித்தாள்’. ‘ஆர்’ என்று தொடங்கினால் கடைசி வரை ‘ஆர்’.

மேற்கோளுக்குள் பேச்சுத்தமிழ் எழுதலாமா என்ற கேள்வி உனக்கு இருக்கும். சிறுகதை எழுத்தாளர்கள் எழுதுகிறார்கள். தேர்வில் நான் வேறு வழி சொல்வேன்: எழுத்து வழக்கிலேயே நில், ஆனால் வாக்கியத்தைப் பேச்சின் அளவுக்குக் குறைத்துவிடு. ‘கட்டு’ என்றால் போதும், ‘நீ உன்னுடைய காலணியை இறுக்கமாகக் கட்டிக்கொள்’ வேண்டாம். ‘காலணி’ என்று தோட்டத்துப் பாட்டி சொல்ல மாட்டார், ‘சப்பாத்து’ என்பார். குரல் எழுத்துப்பிழையால் வருவதில்லை. அவர் எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்பதில் வருகிறது. இப்படி எழுதினால் ‘இது பிழையா, பேச்சுவழக்கா’ என்று திருத்துபவர் யோசிக்க வேண்டிய நிலையும் வராது.

இனி முடிவு. நீ எழுதியது: “நான் சரியான நேரத்தில் பள்ளிக்குச் சென்று தேர்வை எழுதினேன். எனக்கு ‘ஏ’ கிடைத்தது. பாட்டி மிகவும் மகிழ்ச்சி அடைந்தார். அன்று முதல் நான் பெரியவர்களை மதித்து நடக்கிறேன். நாமும் பெரியவர்களை மதிப்போமாக.”

ஐந்து வாக்கியத்தில் அந்தக் காலை போய், பல வாரம் போய், இன்றைய நாளும் போய், எதிரே இருப்பவர்களுக்குச் சொற்பொழிவு வந்துவிட்டது. கதை நடந்த நேரம் காலை ஆறிலிருந்து ஏழரை வரை. அதற்குள்ளேயே முடிய வேண்டிய கதை இது. தேர்வு முடிவில் கிடைத்த ‘ஏ’ உன் படிப்பால் வந்தது, பாட்டியின் விளக்கால் வந்ததல்ல. அதனால்தான் அது ஒட்டவில்லை. ‘கண் விழித்துப் பார்த்தேன், எல்லாம் கனவு’ என்ற முடிவும் இப்படித்தான் ஏமாற்றம் தருகிறது, வாசகருக்குக் கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கிக்கொள்கிறது. கடைசி வரியில் லாரி வந்து பாட்டியை மோதுவதும் வேண்டாம். அந்த லாரி கதையில் அதுவரை எங்கேயுமே இல்லை.

முடிவு மனதில் நிற்க வேண்டுமானால், அதற்குத் தேவையான பொருள் கதையின் முன்பகுதியிலேயே இருக்க வேண்டும். வாசகர் அதைப் பார்த்திருக்க வேண்டும், ஆனால் அதுதான் முடிவுக்கு வரும் என்று தெரிந்திருக்கக் கூடாது. உன் கதையில் அப்படி ஒரு பொருள் தயாராகவே இருக்கிறது, அந்த விளக்கு. அந்த விளக்கைப் பற்றிப் பாட்டிக்கு ஒரு பிடிவாதம் இருக்கட்டும். அதை இரண்டாம் பத்தியில் சொல்லிவிடு. கடைசிப் பத்தியில் பாட்டி அந்தப் பிடிவாதத்தை ஒரே ஒரு முறை மீறட்டும்.

இப்போது கைவிடாதே என்று சொன்னேனே, அந்த ‘வருவார்’ வடிவம் இங்கே வேலைக்கு வருகிறது, ஏனென்றால் பிடிவாதம் என்பது வழக்கம்:

“அன்று பேருந்து வரவில்லை. மணி ஆறேகால். லயத்து விளக்குகளைத் தாண்டினால் எல்லாம் இருட்டு. நான் புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்தபடி சாலையோரத்தில் நின்றுகொண்டிருந்தேன். செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். பாட்டி.

“பாட்டி முப்பது வருடம் பால் வெட்டியவர். வேலையை விட்டு நான்கு வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் ஞாயிறுதோறும் தன் நெற்றி விளக்கைத் துடைத்து, எரிகிறதா என்று பார்த்து, உடனே அணைத்துவிடுவார். ‘வெளிச்சம் இருக்கும்போது விளக்கு எதற்கு? பேட்டரி சும்மா கிடைக்கிறதா?’ என்பார்.”

பார், கதையின் முன்கதை, பாட்டியின் குணம், முடிவுக்கான விதை மூன்றும் ஒரே பத்தியில் வந்துவிட்டன. ‘வெட்டியவர்’, ‘ஆகியிருந்தது’, ‘அணைத்துவிடுவார்’ என்று மூன்று வடிவம் வந்தும் தடுமாற்றம் இல்லை, ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. அடுத்து அந்தப் பரீட்சைப் பேச்சு, அப்புறம் காட்டு நடை. நடையை எழுபது எண்பது சொல்லுக்குள் நீயே எழுது. ஒரே ஒரு தடங்கல் போதும்: கால்வாய் மேல் போட்ட பலகை வழுக்குவதாக இருக்கலாம், பாட்டி மூச்சு வாங்க நிற்பதாக இருக்கலாம். இரண்டையும் வைத்தால் இடம் போதாது. முடிவு இது:

“காட்டின் விளிம்பில் பாட்டி நின்றுவிட்டார்.

‘இனி நீ போ.’

“நான் சாலையைக் கடந்து பள்ளி வாசலுக்கு ஓடினேன். அங்கே நின்று திரும்பிப் பார்த்தேன். நன்றாக விடிந்துவிட்டிருந்தது. மரங்களுக்கு நடுவே பாட்டியின் முகம் தெரியவில்லை. அவர் நெற்றி விளக்கு மட்டும் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.”

பேட்டரி சும்மா கிடைப்பதில்லை என்று சொன்னவர் பகல் வெளிச்சத்தில் விளக்கை எரிய விட்டிருக்கிறார். பேத்தி திரும்பிப் பார்த்தால் தான் அங்கே இருப்பது தெரிய வேண்டும் என்பதற்காக. இதை நான் உனக்குச் சொல்கிறேன், உன் கதையில் நீ சொல்லாதே. இரண்டாம் பத்தியைப் படித்தவருக்கு அது தானாகத் தெரியும்.

எழுதும் வரிசையையும் மாற்றிக்கொள். கேள்வித்தாளைப் பார்த்ததும் முதல் பத்தியில் கையை வைக்காதே. ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டு வரைவுத் தாளில் மூன்றே வரி எழுது: கதை எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது, கடைசி வாக்கியம் என்ன, அந்தக் கடைசி வாக்கியத்துக்காக முன்னால் எதைச் சொல்லி வைக்க வேண்டும். கடைசி வாக்கியம் தயாராக இருந்தால், நேரம் தீர்ந்துபோகும்போது நடுவில் இரண்டு வாக்கியத்தைக் குறைத்துவிட்டு நேராக அதற்கு வந்துவிடலாம். உன் தாளில் முடிவு சப்பென்று போனதற்கு அதுவும் ஒரு காரணம். கடைசி நான்கு வரியில் கையெழுத்தே மாறியிருக்கிறது, அவசரம் தெரிகிறது.

காட்டு நடைப் பத்தியை எழுதி அனுப்பு. அதில் பாட்டி ஓரிடத்திலாவது விளக்கை அணைக்கக் கை தூக்கி, பிறகு கையை இறக்கிவிடுவதாக எழுதலாமா என்று யோசித்துப் பார். எழுதினால் ஒரு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம்.